சீலியாக் நோயும் தென்னகமும்: ஒரு குறுவினா விடையின் மூன்றாம் பத்தி

உணவு ஒவ்வாமை, உணவுச் சகிப்பின்மை, சீலியாக் நோய் ஆகியவற்றை வேறுபடுத்துக என்ற குறுவினாவுக்கு நம் ஊட்டச்சத்தியல் மாணவர் எழுதும் விடையில் முதல் இரண்டு பத்திகள் நிறைந்திருக்கும், மூன்றாவது மெலிந்திருக்கும். கோதுமை உண்ணும் வட இந்தியரின் நோய் என்ற ஒரு வரியோடு சீலியாக் முடிந்துவிடும். அந்த வரிக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, மூன்று வட்டாரங்களில் 23,331 பேரைச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வு. அதன் எண்களில் எனக்கு ஐயமில்லை. அவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவை ஏற்க முடியவில்லை.

ஆயிரம் பேருக்கு நோயாளிகள் வடக்கில் 8.53, வடகிழக்கில் 4.66, தெற்கில் 0.11. நாளொன்றுக்குச் சராசரிக் கோதுமை நுகர்வு வடக்கில் 455 கிராம், வடகிழக்கில் 37, தெற்கில் 25. இந்த இரண்டு வரிசைகளையும் அடுத்தடுத்து வைத்துத்தான் ‘அரிசி காக்கிறது’ என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறது. வடக்கையும் தெற்கையும் மட்டும் பார்த்தால் அது சரியாகவே தோன்றும். வடகிழக்கைச் சேர்த்ததும் கணக்கு இடிக்கிறது. அங்கேயும் அரிசிதான் முதன்மை உணவு. தெற்கைவிட 12 கிராம் மட்டுமே கூடுதலாகக் கோதுமை உண்பவர்களிடம் நோய் சுமார் நாற்பது மடங்கு அதிகம். மரபணுவும் இதை விளக்கவில்லை. நோய்க்கு இடமளிக்கும் மரபணு வகைகள் வடக்கில் 38.1 விழுக்காட்டினரிடமும், வடகிழக்கில் 31.4, தெற்கில் 36.4 விழுக்காட்டினரிடமும் உள்ளன.

மேலும், 25 கிராம் என்பது மருத்துவ நோக்கில் அற்பமன்று. அதில் இரண்டு கிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கும். நோய் உறுதியானவர்களின் குடலைக் கெடுக்க நாளொன்றுக்கு 50 மில்லிகிராமே போதும் என்று அறிகிறோம். நோயைத் தொடங்கிவைக்கும் அளவும் நீடிக்கச் செய்யும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை ஒப்புகிறேன். ஆனாலும் சராசரி என்பது ஒருவரின் தட்டு அன்று. தூத்துக்குடியில் இரவுக் கடையில் இரண்டு பரோட்டா உண்பவர் அந்தச் சராசரியைப் போலச் சில மடங்கு மைதா உண்கிறார். சோறு மட்டுமே உண்ணும் வீட்டுச் சாம்பாரிலும், கடைப் பெருங்காயத்தில் கலந்த கோதுமை மாவு வழியே சிறிது குளூட்டன் சேரலாம். தெற்கின் எண் வேலூர் வட்டாரத்திலிருந்து வந்தது. அதைத் தெற்கு முழுவதற்கும் நீட்டுவது கூடாது.

ஆய்வில் பலரும் கடந்துபோகும் இன்னொரு எண் உண்டு. இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தும் குடல் கெடாத மறைநிலையினர் தெற்கில் ஆயிரத்துக்கு 1.22. நோயாளிகளைவிட இவர்கள் பதினொரு மடங்கு. வடக்கிலோ மறைநிலையினர் 3.70, நோயாளிகளில் பாதிக்கும் குறைவு. அரிய நோயில் பொய்யான நேர்முடிவு மிகும் என்ற மறுப்பு வலுவானது, இந்த 1.22இல் ஒரு பங்கு அப்படி வந்திருக்கலாம். முழுவதும் அப்படித்தான் என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மைதா பெருகும் ஊரில் இவர்களைத்தான் தொடர்ந்து கவனிக்க வேண்டும். தென்னிந்தியருக்கு இந்நோய் வராது என்ற பேச்சுக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

மெலிந்த பத்தியின் விளைவை ஒரு கற்பனை நிலையில் பார்ப்போம். ஒரு மாணவிக்குப் பரோட்டா உண்டால் வயிறு உப்பிப் பேதியாகிறது. இரும்புச்சத்து மாத்திரை எடுத்தும் இரத்தசோகை தீரவில்லை. பாலை நிறுத்தினாள், மாற்றமில்லை. பரோட்டாவை நிறுத்தினாள், தேறினாள். ‘கோதுமை ஒவ்வாமை’ என்று முடிவுகட்டிவிட்டாள். ஒவ்வாமையானால் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்போ வீக்கமோ மூச்சுத்திணறலோ வந்திருக்கும். கோதுமையிலுள்ள, எளிதில் செரிக்காத மாவுச்சத்தைத் தாங்காத சகிப்பின்மையானால் உப்புசம் விளங்கும். தீராத இரத்தசோகை விளங்காது. சீலியாக்கை ஐயுற வேண்டிய இடம் இதுவே. ஆனால் கோதுமையை நிறுத்திய சில மாதங்களுக்குப் பின் எதிர்ப்பொருள் சோதனை எதுவுமில்லை என்று காட்டிவிடலாம். கோதுமை உண்டுகொண்டிருக்கும்போதே அந்தச் சோதனையையும் அதோடு மொத்த ஐஜிஏ அளவையும் பார்த்து, தேவையானால் முன்சிறுகுடல் திசுவை ஆராய்வதே முறை.

தூத்துக்குடி மக்ரூனை வைத்தே மூன்றையும் பிரித்துக் காட்டலாம். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி ஆகிய மூன்றால் ஆனது அது. முட்டையோ முந்திரியோ ஒவ்வாதவருக்கு ஒரு துணுக்கும் ஆபத்து. பால்சர்க்கரை செரிக்காதவர் தயங்காமல் உண்ணலாம். சீலியாக் நோயாளிக்குச் செய்முறையில் தடையில்லை. ஆனால் அதே மேசையில் மைதா பிசையும் பேக்கரியில் தடை உண்டு. குளூட்டன் அற்றது என்று சொல்ல ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராம்தான் வரம்பு.

ஆகவே மூன்றாம் பத்தியில் வட்டாரப் பெயர் வேண்டாம், இவை வேண்டும். குளூட்டனால் தூண்டப்பட்டுத் தன் குடலையே தாக்கும் எதிர்ப்பாற்றல் கோளாறு. மெல்ல வளரும், வாழ்நாள் முழுதும் விலக்கு வேண்டும். கோதுமையை நிறுத்துமுன் சோதிக்க வேண்டும். கடைசிக் கூறு விடுபட்ட விடைக்கு முழு மதிப்பெண் தரலாகாது.