பிவட் புள்ளிகளும் முந்தைய நாள் உச்ச-தாழ்வு விலைகளும்

பங்கு, பண்டம், நாணயச் சந்தைகளில் ஒரே நாளுக்குள் வாங்கி விற்பவர்கள், காலையில் வணிகம் தொடங்கும் முன்பே வரைபடத்தில் சில கிடைக்கோடுகளைப் போட்டுவைப்பார்கள். அவற்றில் மிகப் பழையவை முந்தைய நாளின் உச்ச விலையும் தாழ்வு விலையும். பேச்சுவழக்கில் ‘நேத்து ஹை’, ‘நேத்து லோ’. இந்த இரண்டோடு முடிவு விலையையும் சேர்த்துக் கணக்கிட்டு எடுப்பவை பிவட் புள்ளிகள். முன்னவை நடந்து முடிந்த விலைகள். அந்த விலையில் யாரோ வாங்கியிருக்கிறார், யாரோ விற்றிருக்கிறார். பின்னவை கணக்கில் பிறந்தவை. அங்கே ஒரு பங்குகூடக் கைமாறாமல் இருந்திருக்கலாம். இரண்டையும் வெவ்வேறு முறைகளாகவே பலரும் கற்பிக்கிறார்கள். ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றிலிருந்து மற்றொன்று நேராக வருவது தெரியும்.

கணக்கு

H உச்சம், L தாழ்வு, C முடிவு விலை என்று வைத்துக்கொண்டால், பரவலாக வழங்கும் சூத்திரம் இது:

```
P  = (H + L + C) / 3
R1 = 2P - L          S1 = 2P - H
R2 = P + (H - L)     S2 = P - (H - L)
```

P நடுப்புள்ளி. R வரிசை மேலே உள்ள தடைகள், S வரிசை கீழே உள்ள ஆதரவுகள். ஓர் எடுத்துக்காட்டு: ஒரு குறியீடு நேற்று 24,180 வரை ஏறி, 23,940 வரை இறங்கி, 24,120-இல் முடிந்தது என்று கொள்வோம். மூன்றையும் கூட்டினால் 72,240. மூன்றால் வகுக்க, பிவட் 24,080. R1 24,220, S1 23,980. R2 24,320, S2 23,840.

இப்போது R1-ஐ நேற்றைய உச்சத்தோடு ஒப்பிடுங்கள்: 40 புள்ளி மேலே இருக்கிறது. S1-ஐ நேற்றைய தாழ்வோடு ஒப்பிடுங்கள்: அதுவும் அதே 40 புள்ளி மேலே. இது தற்செயல் அல்ல. நேற்றைய வீச்சின் நடுமட்டம் 24,060. முடிவு விலை அதற்கு 60 புள்ளி மேலே. அந்த 60-இல் மூன்றில் இரண்டு பங்குதான் 40. எந்த நாளை எடுத்தாலும் இப்படித்தான் வரும். நேற்றைய உச்ச-தாழ்வுச் சட்டத்தை அப்படியே தூக்கி, முடிவு விலை சாய்ந்த பக்கம் நகர்த்தி வைத்தால் கிடைப்பவையே R1, S1. சந்தை நடுமட்டத்துக்கு மேலே முடிந்திருந்தால் R1 நேற்றைய உச்சத்தைத் தாண்டி நிற்கும். கீழே முடிந்திருந்தால் S1 நேற்றைய தாழ்வுக்கும் கீழே போகும். சரியாக நடுவில் முடிந்த நாளில் R1 நேற்றைய உச்சத்தோடும் S1 நேற்றைய தாழ்வோடும் ஒன்றிவிடும். ஆகவே நேற்றைய உச்சமும் R1-உம் ஒரே இடத்தில் வந்திருப்பதை ‘இரட்டைத் தடை’ என்று சொல்வதில் பொருளில்லை. ஒரே தகவல் இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பிட்டிலிருந்து புத்தகத்துக்கு

பிவட் கணக்கு சிகாகோவின் பண்ட வாயிதாச் சந்தைகளில், பிட் எனப்படும் படிக்கட்டுக் குழிகளில் நின்று கூவி வணிகம் செய்தவர்களிடையே புழங்கியது. சிகாகோ போர்டு ஆஃப் டிரேடு 1848-இல் தொடங்கப்பட்டது. அங்கே சொந்தக் கணக்கில் வணிகம் செய்த ‘லோக்கல்’களுக்கு முன்னால் வரைபடத் திரை கிடையாது. ஒரு கையில் சைகை, மறுகையில் சிறு அட்டை. வாங்கியது ஒரு பக்கம், விற்றது ஒரு பக்கம். அந்த அட்டையில் எழுதிக்கொண்டு போகக்கூடிய அளவில்தான் ஒரு முறை அவர்களுக்குப் பயன்படும். கூட்டி மூன்றால் வகுப்பது, இரண்டால் பெருக்கிக் கழிப்பது என்ற அளவோடு சூத்திரம் நின்றதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இதை முதலில் கண்டவர் என்று ஒருவரை உறுதியாகச் சுட்ட முடியாது; குழியில் வாய்மொழியாகப் பரவிய கணக்குக்கு அது இயல்பே.

அச்சில் வந்தவற்றில், நேற்றைய உச்ச-தாழ்வை மட்டுமே அச்சாகக் கொண்டு ஒரு முழு முறையைக் கட்டியவர் ஜார்ஜ் டக்ளஸ் டெய்லர். அவருடைய ‘தி டெய்லர் டிரேடிங் டெக்னிக்’ 1950-இல் வெளிவந்தது. சந்தை மூன்று நாள் சுழற்சியில் நடக்கிறது என்பது அவர் கருத்து: வாங்கும் நாள், விற்கும் நாள், இல்லாததை விற்கும் ‘ஷார்ட்’ நாள். வாங்கும் நாளில் விலை முந்தைய தாழ்வை நெருங்குகிறதா, சற்று உடைத்துவிட்டுத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். ஷார்ட் நாளில் முந்தைய உச்சத்தை ஊடுருவும்போது விற்க வேண்டும். எவ்வளவு தூரம் உடைத்தது என்பதை அவர் தினமும் ஒரு நோட்டில் பத்தி பத்தியாகக் குறித்துவந்தார். முந்தைய உச்சம் உடைந்தால் வாங்கு என்பது இன்று பலர் சொல்லும் பாடம்; டெய்லர் அதே இடத்தில் எதிர்ப்பக்கம் நின்றவர். மூன்று நாள் சுழற்சியைச் சந்தை அப்படியே மதிப்பதில்லை என்றாலும், உடைந்த தூரத்தைக் குறித்துவைத்த அந்தப் பழக்கம் இன்றும் பயன்படும்.

1978-இல் வெல்ஸ் வைல்டர் ‘நியூ கான்செப்ட்ஸ் இன் டெக்னிக்கல் டிரேடிங் சிஸ்டம்ஸ்’ நூலை வெளியிட்டார். ஆர்எஸ்ஐ முதலான கருவிகளால்தான் அந்நூல் பெயர்பெற்றது. அதில் உள்ள ‘ரியாக்ஷன் டிரெண்ட் சிஸ்டம்’ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆனால் பிவட் சூத்திரங்கள் அங்கே இருக்கின்றன. மூன்று விலைகளின் சராசரி, அதிலிருந்து B1 என்ற வாங்கும் புள்ளி, S1 என்ற விற்கும் புள்ளி. அவற்றுக்கு அப்பால், மேலும் கீழும் ஒவ்வோர் உடைப்புப் புள்ளி. அதைத் தாண்டினால் எதிர்த்து நிற்பதை விட்டுவிட்டுப் போக்கோடு சேர வேண்டும். அந்த உடைப்புப் புள்ளிகள்தாம் இன்றைய R3-உம் S3-உம். நம் எடுத்துக்காட்டில் R3 24,460. இங்கே ஓர் எச்சரிக்கை. வைல்டரின் S1 விற்கும் இடம், அதாவது இன்றைய R1. இன்றைய பழக்கத்தோடு அந்நூலைப் படிப்பவர் தலைகீழாக வணிகம் செய்துவிடுவார்.

கணினி வரைபடங்கள் பரவியதும் கணக்கு தானே போடப்பட்டது. ஃபிபனாச்சி விகிதம் கலந்தது, கமரில்லா, டிமார்க் எனக் கிளைகள் பெருகின. எல்லாமே அதே முந்தைய நாள் விலைகளை வேறு எடைகளில் கலப்பவை. 2015 ஜூலையில் சிஎம்ஈ குழுமம் தன் வாயிதாக் குழிகளில் பெரும்பாலானவற்றை மூடியது. கோடுகள் மட்டும் திரையில் தொடர்ந்தன.

சிபிஆர்

இந்தியத் தினவணிகர்களிடம் இன்று அதிகம் புழங்குவது ‘சிபிஆர்’ எனப்படும் நடுப் பிவட் பட்டை. மார்க் ஃபிஷர் 2002-இல் எழுதிய ‘தி லாஜிக்கல் டிரேடர்’, ஃபிராங்க் ஓச்சோவா 2010-இல் எழுதிய ‘சீக்ரெட்ஸ் ஆஃப் எ பிவட் பாஸ்’ ஆகியவை இதைப் பரப்பின. நேற்றைய வீச்சின் நடுமட்டம் ஒரு விளிம்பு. பிவட்டுக்கு மறுபுறம் அதே தொலைவில் இன்னொரு விளிம்பு. நம் எடுத்துக்காட்டில் 24,060 முதல் 24,100 வரை. அகலம் 40, மறுபடியும் அதே 40.

பட்டை குறுகலாக இருந்தால் மறுநாள் சந்தை ஒரே பக்கமாக ஓடும் என்பது வழக்கில் உள்ள நம்பிக்கை. நேற்று சந்தை ஒடுங்கிக் கிடந்தது, இன்று விரியும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். ஆனால் பட்டையின் அகலம் முடிவு விலை நடுமட்டத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பதை மட்டுமே காட்டும். 600 புள்ளி தாறுமாறாக ஆடிவிட்டு நடுவில் வந்து முடிந்த நாளின் பட்டை அகலம் பூஜ்யம். 90 புள்ளிக்குள் முடங்கி, உச்சத்திலேயே முடிந்த நாளின் அகலம் 30. ஒடுக்கத்தைத் தேடுபவர் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளியையே நேரடியாகப் பார்ப்பது மேல்.

எந்த முடிவு விலை, எந்த நாள்

ஒரே பங்குக்கு இருவர் போட்ட பிவட் வேறுபடுவது அடிக்கடி நடக்கும். பெரும்பாலும் குற்றவாளி C. குழி வணிகத்திலும் கடைசி நிமிட விலைகள் ஒரு வரம்பாகத்தான் பதிவாயின. கணக்குத் தீர்க்கும் விலை தனியாக அறிவிக்கப்பட்டது. தேசியப் பங்குச் சந்தையில் முடிவு விலை என்று நெடுங்காலம் அறிவிக்கப்பட்டுவந்தது 3.30-க்கு நடந்த கடைசி வணிகத்தின் விலை அல்ல, 3.00 முதல் 3.30 வரை நடந்த வணிகங்களின், அளவால் எடையிட்ட சராசரி. ஐந்து நிமிட வரைபடமோ கடைசி விலையைக் காட்டும். நம் குறியீடு கடைசி அரை மணியில் ஏறி 24,150-இல் நின்றது, சராசரி 24,120 என்று வைத்துக்கொண்டால், வரைபட விலையில் போட்டவருக்குப் பிவட் 24,090, R1 24,240. முப்பது புள்ளி வேறுபாடு பிவட்டை 10-உம், R1, S1-ஐ 20-உம் நகர்த்திவிட்டது. நேற்றைய உச்சமும் தாழ்வும் இந்தத் தொல்லைக்கு ஆட்படுவதில்லை.

ஆனால் நாள் எங்கே முடிகிறது என்ற தொல்லையிலிருந்து அவையும் தப்புவதில்லை. நாணயச் சந்தை வார நாள்களில் இரவும் பகலும் நடப்பது. நியூயார்க்கின் மாலை 5 மணியை நாள் முடிவாகக் கொள்வது அங்கே வழக்கம். அமெரிக்கக் குறியீட்டு வாயிதாக்கள் இரவு முழுதும் நடப்பதால், பகல் வணிகத்தின் உச்சம் ஒன்று, இரவையும் சேர்த்த உச்சம் வேறொன்று. பிட்காயினுக்கு ஞாயிறு விடுமுறைகூடக் கிடையாது. பங்குப் பிரிப்பு நடைமுறைக்கு வரும் நாளில், பழைய உச்சத்தைப் புதிய விகிதத்துக்கு மாற்றாமல் கோடு போட்டால் அது திரைக்கு வெளியே நிற்கும்.

கோட்டருகில் நடப்பது

இத்தகைய மட்டங்களில் உண்மையிலேயே ஏதாவது நடக்கிறதா என்பதற்கு, நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் பணியாற்றிய கேரல் ஆஸ்லரின் ஆய்வுகள் முக்கியமானவை. 2000-இல் வெளியிட்ட கட்டுரையில், நிறுவனங்கள் தம் வாடிக்கையாளருக்கு அறிவித்த ஆதரவு, தடை மட்டங்களில் நாணய விலை திரும்பியது, சமவாய்ப்பில் தேர்ந்த மட்டங்களைவிட அதிகம் என்று காட்டினார். 2003-இல் அதற்கான காரணத்தை ஆர்டர்களில் தேடினார். லாபம் எடுக்கும் ஆர்டர்கள் பூஜ்யத்தில் முடியும் விலைகளிலேயே குவிகின்றன. ஸ்டாப்லாஸ் ஆர்டர்கள் அவற்றைச் சற்றுத் தாண்டிக் குவிகின்றன. பிவட்டைச் சோதித்த ஆய்வுகள் அல்ல இவை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விலையருகே திருப்பமும் பாய்ச்சலும் ஏன் அடுத்தடுத்து வருகின்றன என்பதற்கு நல்ல விளக்கம்.

24,180-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் கீழே விற்றவர்கள் ஸ்டாப்லாஸை 24,185, 24,190 என்று வைத்திருப்பார்கள். உடைந்தால் வாங்கலாம் என்று காத்திருப்பவர்களின் ஆர்டர்களும் அங்கேதான். விலை 24,185-ஐத் தொட்டதும் இரு சாராரின் வாங்கும் ஆர்டர்களும் ஒன்றாகப் பாய, நொடிகளில் 24,195. அதற்கு மேல் புதிதாக வாங்க ஆள் இல்லையென்றால் ஐந்து நிமிட மெழுகுவத்தி மேலே நீண்ட திரியை விட்டுவிட்டு 24,170-இல் முடியும். உடைப்பு பொய்த்தது. மெய்யான உடைப்பில், விலை திரும்பி வந்து 24,180-ஐத் தொட்டாலும் அங்கே வாங்குபவர்கள் தாங்கிப் பிடிப்பார்கள். முதல் மெழுகுவத்தி முடியும் வரை இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. காத்திருப்பவர் அதற்கு விலையாகப் பத்துப் பதினைந்து புள்ளிகளை விட்டுக்கொடுக்கிறார்.

இந்தக் கோடுகள் முற்றாகச் செயலிழக்கும் நாள்களும் உண்டு. தேர்தல் முடிவு, ரிசர்வ் வங்கியின் எதிர்பாராத அறிவிப்பு, இரவில் வெளிநாட்டுச் சந்தைச் சரிவு போன்றவற்றுக்குப் பிறகு சந்தை R2-க்கு மேலோ S2-க்குக் கீழோ திறக்கும். நேற்றைய மூன்று விலைகளும் பழைய செய்தியைச் சுமந்தவை. திறந்த இடத்துக்குப் பக்கத்தில் அவற்றுக்கு ஆர்டர்களும் இருக்காது. அன்று வணிகர்கள் முதல் 15 நிமிட உச்சத்தையும் தாழ்வையும் புதிய எல்லைகளாக வைத்துக்கொள்கிறார்கள்.