எரிந்தானா, எரியலையா?

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும் தோட்டத்தில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் இந்தக் கூத்து தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாக வந்தவர்களோடுதான் வந்தது. கதை நமக்குத் தெரிந்ததுதான். தவத்திலிருந்த சிவன் மேல் மன்மதன் மலர் அம்பை விட்டான், நெற்றிக்கண் திறந்தது, சாம்பலானான்.

ஆனா ஒரு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க. மன்மதன் தானாகப் போகவில்லை. சூரபத்மனை அழிக்க சிவனுக்கு ஒரு மகன் வேண்டும் என்பது தேவர்களின் கவலை. அதற்காக இந்திரன்தான் ஆளை அனுப்புகிறான். கூத்தில் ஓலைத்தூதன் வந்து அந்தக் கட்டளையைச் சொல்லும்போது ரதி தடுக்கிறாள். கெட்ட கனவு கண்டேன், போகாதே என்கிறாள். புராணத்தில் ஓரிரு வரியில் முடியக்கூடிய இந்த இடம், கூத்தில் நீண்ட வாக்குவாதமாகிறது. ரதி வேடம் கட்டுபவரும் ஆண்தான். ஆனாலும் தகனத்துக்குப் பிறகு அவர் ஒப்பாரி வைக்கும்போது, பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் நிஜமாகவே அழுவார்கள். மேலே இருந்து வந்த கட்டளைக்குப் போன புருஷன் திரும்பி வரலைன்னா என்னன்னு லயத்துக்காரிக்குச் சொல்லித் தரணுமா?

மூன்றாம் நாள் மன்மதன் எழுகிறான், ரதியின் கண்ணுக்கு மட்டும். தமிழ்நாட்டு லாவணியில் இதை வைத்தே எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து விடிய விடிய வாதாடுவார்கள். நான் ரதி கட்சி. அவளுக்குத் தெரிகிறவன் எப்படி எரிந்தவனாவான்?