ஆதார் எண் மேல் 'மொசைக்' போட்டு அனுப்புகிறீர்களா? அது ஏன் முழுசாக மறைவதில்லை?

பெங்களூரு மர்பி டவுனில் ஒரு வீடு பார்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அல்சூர் ஏரி பக்கம், இந்திரா நகர் ஆபீசுக்கும் தூரமில்லை, ஓனரும் தமிழ்க்காரர். அட்வான்ஸ் பேசி முடித்ததும் அவர் சொல்வார்: "ஆதார் காப்பி ஒண்ணு வாட்ஸ்அப்ல போட்டுடுங்க தம்பி, அக்ரிமென்ட்டுக்கு வேணும்."

நீங்கள் கொஞ்சம் உஷாரானவர். கார்டை போட்டோ எடுத்து, போனிலேயே எடிட் செய்து, 12 இலக்கங்களில் முதல் 8 மேல் மொசைக் தேய்த்துவிட்டு, கடைசி 4 இலக்கத்தை மட்டும் தெரியும்படி விட்டு அனுப்புகிறீர்கள். அந்த போட்டோ ஓனரிடமிருந்து புரோக்கருக்கும், அவரிடமிருந்து அக்ரிமென்ட் டைப் செய்யும் கடைக்கும் போகும். போனாலும் எண்தான் தெரியாதே என்று நிம்மதியாக இருக்கிறீர்கள்.

அந்த நிம்மதிக்கு எவ்வளவு அடிப்படை இருக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பெங்களூருவிலிருந்து வந்த அந்த அறிவிப்பு

கடைசி 4 இலக்கத்தை மட்டும் காட்டும் பழக்கம் பலருக்கு வந்ததில் பெங்களூருவுக்கும் ஒரு பங்கு உண்டு. 2022 மே 27 அன்று, ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆதார் நகலை எந்த நிறுவனத்திடமும் கொடுக்காதீர்கள், அது தவறாகப் பயன்படுத்தப்படலாம், அதற்குப் பதில் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்கள் என்றது அது. நாடு முழுக்கப் பரபரப்பானது. இரண்டே நாளில், மே 29 அன்று, அறிவிப்பு தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி மத்திய மின்னணுவியல், தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அதைத் திரும்பப் பெற்றது. வழக்கமான எச்சரிக்கையோடு இருந்தால் போதும் என்பது அமைச்சகத்தின் விளக்கம்.

அறிவிப்பு போய்விட்டது, பழக்கம் தங்கிவிட்டது. ஆனால் ஆணையம் சொன்னது, எண்ணே அச்சாகாத ஒரு நகலை. நம்மில் பலர் செய்வது, அச்சான எண்ணின் மேல் மொசைக் தேய்ப்பது. பார்க்க இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

மொசைக் என்ன செய்கிறது?

மொசைக் எதையும் அழிப்பதில்லை, சராசரி எடுக்கிறது. படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருக்கும் புள்ளிகளின் நிறத்தைக் கூட்டி வகுத்து, வரும் ஒரே நிறத்தைக் கட்டம் முழுக்கப் பூசுகிறது. பிளரும் கிட்டத்தட்ட இதேதான். கட்டமாகச் செய்யாமல் ஒவ்வொரு புள்ளியையும் அதன் பக்கத்துப் புள்ளிகளோடு கலக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சராசரியிலிருந்து மூல எண்களைத் திரும்ப எடுக்க முடியாது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அது சரிதான். ஆனால் இங்கே யாரும் திரும்ப எடுக்கப் போவதில்லை. முன்னோக்கிப் போய் ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும். ஒரு சின்னக் கணக்கில் இதைப் பார்க்கலாம். 4 புள்ளி அகலம், 6 புள்ளி உயரத்தில் 3, 8 என்ற இரண்டு இலக்கங்கள்:

```
3:  ■■■□     8:  □■■□
    □□□■         ■□□■
    □■■□         □■■□
    □□□■         ■□□■
    □□□■         ■□□■
    ■■■□         □■■□
```

இதன் மேல் 2×2 மொசைக் போட்டால் ஒவ்வொரு இலக்கமும் 6 கட்டமாகிவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை கறுப்புப் புள்ளி என்று மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் எண்ணிப் பாருங்கள். 3-க்கு வருவது 2, 2, 1, 2, 2, 2. 8-க்கு வருவது 2, 2, 2, 2, 2, 2.

கண்ணுக்கு இரண்டுமே சாம்பல் திட்டுகள்தான். ஆனால் மூன்றாவது கட்டம் மாட்டிக்கொடுத்துவிடுகிறது. வெள்ளையை 255, கறுப்பை 0 என்று கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் 8-ன் மூன்றாவது கட்டம் சுமார் 128 அளவு சாம்பல், 3-ன் மூன்றாவது கட்டம் சுமார் 191. நம் கண்ணுக்கு இது லேசான நிற வித்தியாசம். கம்ப்யூட்டருக்கு இவை இரண்டும் வேறு வேறு எண்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது 191 என்பது 186 ஆகலாம். ஆனாலும் அது 128 பக்கம் போய்விடாது.

ஆக, உங்கள் எண்ணைத் தேடுபவர் செய்ய வேண்டிய வேலை இதுதான். அதே எழுத்துருவில் 0 முதல் 9 வரை தானே வரைந்து, அதே அளவு மொசைக் போட்டு, உங்கள் படத்தில் இருக்கும் சாம்பல் வரிசை எதோடு பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். கட்டங்கள் இலக்கத்தின் எந்த ஓரத்தில் தொடங்குகின்றன என்பது தெரியாததால் கொஞ்சம் நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டியிருக்கும். 10×10 கட்டமென்றால் 100 நிலைகள். கம்ப்யூட்டருக்கு அது நொடிகளில் முடியும்.

எழுத்துரு எப்படிக் கிடைக்கும் என்கிறீர்களா? நீங்களே கொடுத்திருக்கிறீர்கள். மறைக்காமல் விட்ட அந்தக் கடைசி 4 இலக்கம், அதே படத்தில், அதே அளவில், அதே வெளிச்சத்தில் மாதிரியாக நிற்கிறது.

8 கோடியிலிருந்து ஒன்றுக்கு

8 இலக்கம் தெரியாவிட்டால் 10 கோடி சாத்தியங்கள் இருக்கிறதே என்று தோன்றலாம். ஆதார் எண் 0-விலோ 1-லோ தொடங்காது என்பதால் அது 8 கோடி. கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். முதல் 11 இலக்கங்களிலிருந்து 'வெர்ஹோஃப்' என்ற முறையில் கணக்கிட்டு வருவது. அது பொருந்தாத எண்களைத் தள்ளினால் பத்தில் ஒரு பங்கு, அதாவது 80 லட்சம் மிஞ்சும். உண்மையான கறுப்புக் கட்டம் போட்டு மறைத்திருந்தால் தேடுபவர் இங்கேயே நின்றுவிடுவார்.

மொசைக் போட்டிருந்தால் நிற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனியாகப் பொருத்திப் பார்க்க முடிவதால், 8 கோடி முயற்சிக்குப் பதில் ஓர் இலக்கத்துக்கு 10 வீதம் 80 ஒப்பீடு. அவ்வளவுதான்.

சில நேரம் இரண்டு இலக்கங்களுக்கு ஒரே வரிசை வரும். மேலே உள்ள 8-ல் நடுக்கோட்டை எடுத்துவிட்டு 0 வரைந்தால் அதற்கும் 2, 2, 2, 2, 2, 2 தான். மொசைக்கை மட்டும் வைத்து 0-வா, 8-ஆ என்று சொல்ல முடியாது. இங்கேதான் சரிபார்ப்பு இலக்கம் எதிரிக்கு உதவுகிறது. ஒரே ஓர் இலக்கம் மாறினாலும் வெர்ஹோஃப் கணக்கு உதைக்கும். டைப் செய்யும்போது வரும் தவறைப் பிடிக்கத்தான் அதை வைத்தார்கள். சந்தேகம் ஒரே இடத்தில்தான் என்றால், 0 போட்டும் 8 போட்டும் பார்த்தால் ஒன்றுதான் தேறும்.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. 2007-லேயே தீரா வெங்கட்ராமன் என்பவர் காசோலை, கார்டு எண்களை மொசைக் போட்டு மறைப்பது ஏன் ஆபத்து என்று இதே ஒப்பீட்டு வழியை விளக்கி எழுதியிருந்தார். 2016-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் பிளரையும் மொசைக்கையும் ஆவணங்களில் சோதித்து, இரண்டையும் நம்ப முடியாது என்று காட்டினார்கள். 2022-ல் பிஷப் ஃபாக்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் எழுத்து எழுத்தாகப் பொருத்திப் பார்க்கும் ஒரு கருவியையே இலவசமாக வெளியிட்டது.

அப்படியென்றால் எல்லா மொசைக்கும் உடையுமா?

இல்லை. இங்கே பயம் காட்டுவதிலும் அர்த்தமில்லை. இந்த வழி வேலை செய்வதற்குக் காரணம், மறைந்திருப்பது பத்தில் ஒன்று என்று முன்கூட்டியே தெரிவதுதான். எண், பான் எண், வண்டி நம்பர் பிளேட், தெரிந்த எழுத்துருவில் அச்சான பெயர் எல்லாம் இந்த வகை. கூட்டத்தில் நிற்கும் முன்பின் தெரியாத ஒருவரின் முகம் அப்படியல்ல, சாத்தியங்களுக்குக் கணக்கே இல்லை. அதைத் 'தெளிவாக்கி'க் காட்டும் செயலிகள் தருவது பெரும்பாலும் ஊகித்து வரைந்த இன்னொரு முகம்தான். ஆனால் இவராக இருக்குமோ என்று நாலு பேரை மனதில் வைத்துக்கொண்டு தேடுபவருக்கு, முகமும் பத்தில் ஒன்று மாதிரிதான்.

கட்டத்தின் அளவும் முக்கியம். ஒரே கட்டம் நாலு இலக்கத்தை விழுங்கிவிட்டால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. சாய்வாக, கலங்கலாக எடுத்த போட்டோ என்றாலும் வேலை கடினம். உங்கள் மொசைக் எவ்வளவு பலவீனம் என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. படத்தைச் சின்னதாக்கி, போனைக் கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். எண் அரைகுறையாகத் தெரிந்தால் அது மறைக்கப்படவே இல்லை. தெரியாவிட்டால்? பத்திரம் என்று அர்த்தமில்லை. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

சுழற்றுவது இன்னும் மோசம். அது சராசரிகூட எடுப்பதில்லை, புள்ளிகளை இடம் மாற்றி வைக்கிறது. எதிர்த்திசையில் சுழற்றினால் கிட்டத்தட்ட பழைய படம் வந்துவிடும். குழந்தைகளை வன்கொடுமை செய்த படங்களில் தன் முகத்தைச் சுழற்றி மறைத்திருந்த ஒருவரின் முகத்தை ஜெர்மன் போலீஸார் இப்படித்தான் மீட்டார்கள். 2007 அக்டோபரில் இன்டர்போல் அதை வெளியிட்டது. அடுத்த சில நாட்களில் அவர் தாய்லாந்தில் கைதானார்.

சரி, ஓனருக்கு எதை அனுப்புவது?

myaadhaar.uidai.gov.in தளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போனால், ஆதாரை டவுன்லோடு செய்யும்போது மாஸ்க்டு நகலைத் தேர்வு செய்யும் வசதி இருக்கிறது. அந்தக் கோப்பில் முதல் 8 இலக்கத்துக்குப் பதில் எக்ஸ் குறிகள்தான் இருக்கும். மீட்க அங்கே எதுவுமே இல்லை.

கையில் இருப்பது கார்டு மட்டும்தான் என்றால், போட்டோ எடுக்கும் முன்பே எண் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துவிடுங்கள். எடுத்த பிறகுதான் மறைக்க வேண்டுமென்றால் முழுக் கறுப்பில் நிரப்பிய கட்டம் போடுங்கள், பிறகு அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புங்கள். போனில் இருக்கும் ஹைலைட்டர் பேனாவைக் கறுப்பாக்கித் தேய்க்காதீர்கள். அது அரைகுறை ஒளிபுகும் நிறம், படத்தின் பிரைட்னஸைக் கூட்டினால் கீழே இருப்பது எட்டிப் பார்க்கும். பிடிஎஃப் கோப்பில் எழுத்தின் மேல் கறுப்புக் கட்டம் வரைவதும் அப்படித்தான். பல நேரங்களில் எழுத்து அடியில் அப்படியே இருக்கும், செலக்ட் செய்து காப்பி பண்ணினால் வந்துவிடும்.

இன்னொரு விஷயம், பலரும் கோட்டை விடுவது: எண்ணை மறைத்துவிட்டு க்யூஆர் கோடை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பழைய ஆதார் கார்டுகளின் க்யூஆர் கோடில் முழு 12 இலக்கமும் சாதாரண எழுத்தாகவே இருந்தது, எந்த ஸ்கேனர் ஆப்பும் படித்துக் காட்டும். 2018-க்குப் பிறகு வந்த புதிய கோடில் கடைசி 4 இலக்கம்தான் இருக்கிறது, ஆனால் பெயர், பிறந்த தேதி, முகவரி, புகைப்படம் எல்லாம் உண்டு. உங்கள் கார்டு பல வருஷத்துக்கு முன் தபாலில் வந்ததா? அப்படியானால் அந்தக் கட்டத்தையும் சேர்த்தே மூடுங்கள்.