நீர் மின்னாற்பகுப்பு: ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஆகும் மின்சாரம்

நீரை மின்சாரத்தால் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க, இன்றைய ஆலைகளில் பொதுவாக 50 முதல் 58 யூனிட் வரை செலவாகிறது. கோட்பாட்டின்படி 39.4 யூனிட் போதும். இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது, அது எப்படிக் குறைந்துவந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தொடக்கம்

1789இல் ஆம்ஸ்டர்டாமில் பேட்ஸ் வான் ட்ரூஸ்ட்விக், டைமன் இருவரும் நிலைமின் எந்திரத்தின் தீப்பொறிகளைத் தங்கக் கம்பி வழியே நீருக்குள் செலுத்தி வாயு எடுத்தனர். இரு வாயுக்களும் கலந்தே வந்ததால், இதை முறையான மின்னாற்பகுப்பு எனச் சொல்லலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1800இல் வோல்டாவின் மின்கல அடுக்கைக் கொண்டு லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் செய்த சோதனையைத்தான் பெரும்பாலான நூல்கள் தொடக்கமாகக் கொள்கின்றன.

ஃபாரடேயின் கணக்கு

1830களின் தொடக்கத்தில் மைக்கேல் ஃபாரடே வகுத்த விதி இத்துறையின் அடித்தளம். வெளிவரும் வாயுவின் அளவைத் தீர்மானிப்பது நீருக்குள் பாய்ந்த மின்னூட்டம் மட்டுமே. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 26,600 ஆம்பியர்-மணி தேவை. எந்த உலோகத்தில் மின்முனை செய்தாலும், எந்தக் கரைசலை ஊற்றினாலும் இந்த எண் மாறாது. பத்தாயிரம் ஆம்பியர் பாயும் ஒரு கலம் மணிக்கு 376 கிராம் ஹைட்ரஜன் தரும். அந்தக் கலம் 1.8 வோல்ட்டில் ஓடினாலும் 2.2 வோல்ட்டில் ஓடினாலும் அதே 376 கிராம்தான். செலவாகும் மின்சாரம் மட்டும் வோல்ட்டுக்கேற்ப மாறும்.

ஆகவே ஒரு கலத்தின் வோல்ட்டை 26.6ஆல் பெருக்கினால், ஒரு கிலோவுக்கு ஆகும் யூனிட் கிடைத்துவிடும். 1.8 வோல்ட் என்றால் சுமார் 48 யூனிட், 2.2 வோல்ட் என்றால் 58 யூனிட்டுக்கு மேல். இதன் பின் வந்த இருநூறாண்டு முயற்சி முழுவதும் அந்த வோல்ட்டைக் கீழே இறக்குவதற்கான முயற்சியே.

எவ்வளவு கீழே இறக்கலாம் என்பதற்கு வெப்ப இயக்கவியல் இரண்டு விடைகளைத் தருகிறது. அறை வெப்பநிலையில் 1.23 வோல்ட்டுக்குக் கீழே நீர் பிரியாது. ஆனால் 1.23 வோல்ட்டில் பிரிய வேண்டுமானால், தேவைப்படும் ஆற்றலில் ஆறில் ஒரு பங்கை நீர் சுற்றுப்புறத்திலிருந்து வெப்பமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வெப்பத்தையும் மின்சாரமே கொடுப்பதானால் 1.48 வோல்ட் ஆகும். 39.4 யூனிட் என்பது அந்த 1.48 வோல்ட்டின் கணக்கு. நடைமுறைக் கலங்கள் பெரும்பாலும் இதற்கு மேலேயே ஓடுகின்றன. மிகுதி வெப்பமாகி, அதைக் குளிர்நீரால் அகற்ற வேண்டியிருக்கிறது.

நீர்மின்சாரக் காலம்

1920கள் முதல் 1960கள் வரையிலான காலம் இது. நார்வேயின் ருகான் பள்ளத்தாக்கில், வெமோர்க் நீர்மின் நிலையத்தின் முன்பாக நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் 1929இல் பெரிய ஹைட்ரஜன் ஆலையைக் கட்டியது. அம்மோனியா உரத்திற்கான ஹைட்ரஜன் அங்கே உற்பத்தியானது. நீரோடு சேர்ந்திருக்கும் கனநீர், மின்னாற்பகுப்பின்போது எளிதில் பிரியாமல் கரைசலில் தங்கிச் செறிவடைவதைப் பயன்படுத்தி, 1934 முதல் கனநீரும் எடுக்கப்பட்டது. 1943 பிப்ரவரியில் நார்வே வீரர்கள் அதன் கனநீர்ப் பிரிவைத் தகர்த்த நிகழ்ச்சியால் வெமோர்க்கின் பெயர் உலகெங்கும் பரவியது. அதே கட்டடத்தில் ஆண்டுக்கணக்கில் இரவும் பகலும் ஓடிய கலங்களைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

இக்காலத்துக் கலங்கள் காரக் கலங்கள். எரிபொட்டாசுக் கரைசலை 70, 80 டிகிரி வரை சூடாக்கி, நிக்கல் முலாம் பூசிய இரும்பு மின்முனைகளுக்கு நடுவே கல்நார்த் துணியைத் திரையாகக் கட்டினர். கரைசல் சூடானால் அதன் மின்தடை குறையும், வோல்ட் இறங்கும். ஆனால் இன்னும் சூடாக்கினால் கல்நார் அரிக்கப்பட்டுவிடும். மின்முனைகளை நெருக்கினாலும் வோல்ட் இறங்கும். ஆனால் நடுவே வாயுக் குமிழிகள் நெருக்கியடித்து, பாதையை அவையே அடைத்துக்கொள்ளும்.

கலங்களின் நலத்தை அறிய, ஒவ்வொன்றின் வோல்ட்டையும் தனித்தனியே அளந்து பார்ப்பது வழக்கம். பக்கத்துக் கலங்களைவிட வோல்ட் கூடியிருந்தால் மின்முனையில் படிவு சேர்ந்திருக்கலாம், அல்லது கரைசல் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் கெட்டிருக்கலாம். வோல்ட் குறைந்திருப்பதும் நல்ல செய்தியாகிவிடாது. திரை கிழிந்து மின்முனைகள் தொட்டுக்கொண்டிருக்கலாம். அப்போது ஆக்சிஜன் குழாயில் ஹைட்ரஜன் ஏறும்; அது 4 விழுக்காட்டை எட்டினால் வெடிக்கும் நிலை. ஆகவே வோல்ட் அளவியோடு வாயுத் தூய்மையையும் சேர்த்தே பார்த்தனர்.

இந்தியாவில் பக்ரா அணையின் மின்சாரத்தை நம்பி, நங்கல் உர ஆலை 1961இல் இதே முறையில் தொடங்கியது. அடுத்த ஆண்டே அங்கு நாட்டின் முதல் கனநீர் ஆலையும் இயங்கியது. மின்சாரத்துக்கு வேறு தேவைகள் பெருகியதும், இயற்கை எரிவாயுவிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் ஹைட்ரஜன் மலிவாகக் கிடைத்ததும் இத்தகைய ஆலைகளை ஓரங்கட்டின. ருகானில் உற்பத்தி 1971இல் நின்றது.

திறன்: எதை எதால் வகுப்பது?

ஒரு காரக் கல ஆலையை எடுத்துக்கொள்வோம். கல வோல்ட் 1.85 எனில் கிலோவுக்கு 49.2 யூனிட். மின்னோட்டத்தில் 2 விழுக்காடு கலங்களைச் சுற்றிக்கொண்டு கரைசல் குழாய்கள் வழியே கசிந்தால் 50.2 ஆகிறது. மாறு மின்சாரத்தை நேர் மின்சாரமாக்கும் ரெக்டிஃபையர் 3 விழுக்காட்டை விழுங்கினால் 51.8. பம்புகள், குளிரூட்டல், வாயுவை உலர்த்துதல் ஆகியவற்றுக்கு 2.2 சேர்த்தால் 54 யூனிட்.

இதன் திறன் என்ன? ஹைட்ரஜனின் உயர் கலோரி மதிப்பு 39.4, அதன்படி 73 விழுக்காடு. எரிந்து உண்டாகும் நீராவி குளிர்ந்து தரும் வெப்பத்தைக் கணக்கில் சேர்க்காத தாழ் கலோரி மதிப்பு 33.3, அதன்படி 62 விழுக்காடு. ஆலை ஒன்றே, மின்கட்டணமும் ஒன்றே. மின்னாற்பகுப்புக்கு உயர் மதிப்பே பொருத்தம் என்பார் ஒரு சாரார், உள்ளே போவது நீராவியல்ல, திரவ நீர் என்பதால். எரிபொருள் கலத்தையும் இயந்திரத்தையும் ஒப்பிட வேண்டியவர்கள் தாழ் மதிப்பையே கேட்கின்றனர். இரண்டில் ஒன்றே சரி என்று முடிவாகவில்லை. விழுக்காட்டுக்குப் பதில் கிலோவுக்கு யூனிட் என எழுதினால் இந்தக் குழப்பம் எழாது.

அண்மைக் காலம்

1960களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் திரவக் காரத்துக்குப் பதில் பாலிமர் சவ்வைக் கொண்டுவந்தது. 1980களில் ஜெர்மனியில் சோதிக்கப்பட்ட நீராவிக் கலம், தேவையான ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாகவே ஏற்றுக்கொண்டு மின் செலவைக் குறைத்தது. 2022இல் ஆஸ்திரேலியாவின் வொலங்காங் பல்கலைக்கழகக் குழு, கரைசலை நுண்துளைத் திரை வழியே மேலேற்றி, குமிழித் தொல்லையே இல்லாத கலத்தில் கிலோவுக்கு 40.4 யூனிட் எட்டியதாக அறிவித்தது. இது கலத்தின் அளவு, முழு ஆலையின் அளவன்று.

அறிவிக்கப்படும் எண்கள் பெரும்பாலும் புதுக் கலத்துக்கானவை. மணிக்கு 2 மைக்ரோவோல்ட் வீதம் கல வோல்ட் ஏறுவதாகக் கொண்டால், 80,000 மணியில் 0.16 வோல்ட் கூடும். கிலோவுக்கு 4 யூனிட்டுக்கு மேல் அதிகம். 54 யூனிட்டில் தொடங்கிய ஆலை 58ஐத் தாண்டி முடியும். ஆகவே ஓர் எண்ணைத் தரும்போது அது கலத்துக்கா முழு ஆலைக்கா, எத்தனை மணி ஓடிய பின் அளந்தது என்பதையும் சேர்த்துத் தந்தால்தான் ஒப்பிட முடியும்.