டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்கு அப்ளை பண்றீங்களா? கவர் லெட்டர்ல இதை எழுதுங்க!

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்கு அப்ளை செய்பவர்களின் கவர் லெட்டர் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். 'ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், கேட்டியா, கிரியோ தெரியும். கடின உழைப்பாளி. டீம் ஒர்க் நன்றாகச் செய்வேன்.' இதைப் படிக்கிற டிசைன் இன்சார்ஜுக்கு இதிலிருந்து ஒன்றுமே தெரியாது. நாலு சாஃப்ட்வேர் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாமே!

அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்தப் பையன் அல்லது பொண்ணு போடுகிற டிராயிங்கை நம்பி மெஷின் ஷாப்புக்கு அனுப்பலாமா? அதைக் காட்ட ஒரு புராஜெக்ட் போதும். ஆனால் புத்தகத்தைப் பார்த்து வரைந்த ஸ்க்ரூ ஜாக்கும் பிளம்மர் பிளாக்கும் வேண்டாம். அவற்றை எல்லா மாணவர்களும் வரைந்திருப்பார்கள். கையில் எடுத்து, பிரித்து, அளந்து வரைந்த ஒரு பொருளைப் பற்றி எழுதுங்கள்.

கோவையில் பம்ப் பாகங்கள் செய்யும் ஒரு சிறிய கம்பெனிக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில்தான் அனுப்பப் போகிறீர்கள், ஆனால் விஷயம் இப்படி இருக்கட்டும்:

'ஐயா, உங்கள் நிறுவனத்தின் டிராஃப்ட்ஸ்மேன் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். இந்த ஆண்டு மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துள்ளேன். கடைசி வருட புராஜெக்ட்டில், லேபில் ஓடாமல் கிடந்த ஒரு சென்ட்ரிஃபியூகல் பம்ப்பை நாங்கள் நான்கு பேர் பிரித்து, அளந்து, டிராயிங் போட்டோம். மொத்தம் 14 பாகங்கள். இம்பெல்லர், ஷாஃப்ட், கேசிங் கவர் உட்பட 6 பாகங்களின் டிராயிங்கும் அசெம்பிளி டிராயிங்கும் நான் செய்தவை.

பாகங்களை சாலிட்வொர்க்ஸில் மாடல் செய்து, ஃபர்ஸ்ட் ஆங்கிள் புரொஜெக்‌ஷனில் A3 ஷீட்டாக எடுத்தேன். அசெம்பிளியில் Interference Detection ஓட்டியபோது இம்பெல்லர் கவரில் 0.5 மி.மீ. முட்டியது. 1 மி.மீ. கேஸ்கெட் மாடலில் இல்லாததுதான் காரணம். அதைச் சேர்த்த பிறகு 0.5 மி.மீ. இடைவெளி கிடைத்தது. ஆட்டோகேடில் 2டி டிராயிங், லேயர், லேஅவுட் வேலைகள் செய்வேன். கேட்டியா அடிப்படை மட்டும் தெரியும். ஷாஃப்ட், இம்பெல்லர், அசெம்பிளி ஆகிய மூன்று ஷீட்களை பி.டி.எஃப். ஆக இணைத்துள்ளேன்.'

அவ்வளவுதான். அரைப் பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.

இதில் 'நான் செய்தவை' என்ற வரி ரொம்ப முக்கியம். டிப்ளமோ புராஜெக்ட் எல்லாமே குரூப் வேலைதான் என்பது கம்பெனிக்குத் தெரியும். எது உங்களுடையது என்று நீங்கள் சொல்லாவிட்டால், எதுவுமே உங்களுடையது இல்லை என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். கேட்டியா அடிப்படை மட்டும் என்று ஒப்புக்கொள்வதும் நஷ்டம் இல்லை. அந்த ஒரு வரியால் மற்ற வரிகளை நம்புவார்கள்.

இணைக்கிற டிராயிங்தான் நிஜமான பரீட்சை. அங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். இம்பெல்லர் போர் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். வெர்னியரில் அளந்ததை அப்படியே '20.02' என்று போட்டு அனுப்பினால் பார்ப்பவர் சிரித்துவிடுவார். பழைய பாகம் தேய்ந்திருக்கும். போதாக்குறைக்கு சாதாரண வெர்னியரின் லீஸ்ட் கவுன்ட்டே 0.02 மி.மீ.தான். 20 மி.மீ. போருக்கு H7 என்றால் 20.000-லிருந்து 20.021 வரை இருக்கலாம். அனுமதிக்கப்படும் மொத்த வித்தியாசமே கிட்டத்தட்ட வெர்னியரின் ஒரு கோடு அளவுதான்!

அதனால் டாலரன்ஸை வெர்னியர் சொல்லாது, அந்தப் பாகம் செய்கிற வேலைதான் சொல்லும். இம்பெல்லரைக் கையால் தள்ளி மாட்ட வேண்டும், ஆனால் லொடலொடவென ஆடவும் கூடாது. அப்படியானால் போருக்கு H7, ஷாஃப்ட்டுக்கு h6. ஷாஃப்ட் 19.987-லிருந்து 20.000-க்குள் வரும். இடைவெளி அதிகபட்சம் 0.034 மி.மீ. டிராயிங்கில் இதைப் பார்த்துவிட்டு, 'ஏம்ப்பா h6 போட்டே?' என்று இன்டர்வியூவில் கேட்பார்கள். டேபிளில் இருந்தது என்று சொல்லாமல், கையால் மாட்டுகிற ஃபிட் என்று காரணத்தைச் சொல்லுங்கள்.

அனுப்பும்முன் டைட்டில் பிளாக்கைப் பாருங்கள். மெட்டீரியல், ஸ்கேல், புரொஜெக்‌ஷன் சின்னம் மூன்றும் நிரம்பியிருக்க வேண்டும். ஃபைல் பெயர் final_new2.pdf என்று இருந்தால், impeller_A3.pdf மாதிரி மாற்றிவிடுங்கள். ஆட்டோகேட் ஃபைலை அனுப்ப வேண்டாம். அவர்களிடம் பழைய வெர்ஷன் இருந்தால் திறக்காமல் போகலாம், பி.டி.எஃப். போனிலேயே திறக்கும். நேரில் போகும்போது அதே மூன்று ஷீட்டையும் A3 பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள். சில இடங்களில் ஒரு பாகத்தையும் வெர்னியரையும் கையில் கொடுத்து, 'இதை வரைந்து காட்டு' என்று உட்கார வைத்துவிடுவார்கள். அதற்கும் தயாராகப் போங்கள்.