12 அடி லயன் அறையில் ஒளியின் அலைநீளத்தை அளக்கலாம்

மலையகத் தோட்டங்களின் பழைய லயன் அறை ஏறத்தாழ 12 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்டது. ஒரு குடும்பம் வாழப் போதாத இந்த இடம், ஒளியின் அலைநீளத்தை அளக்கப் போதும். ஹட்டனுக்கு அருகே தோட்டமொன்றில், ஆய்வுகூட வசதி இல்லாத உயர்தர மாணவர்கள் சிலருடன் இதைச் செய்து பார்த்தேன்.

கண்ணாடித் துண்டொன்றை மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் கறுப்பாக்கினோம். இரண்டு சவர பிளேடுகளை ஒட்டிப் பிடித்து ஒரே இழுவையில் கீறினோம். கிடைத்த இரு பிளவுகளின் இடைத்தூரம் (d) ஒரு பிளேட்டின் தடிப்பு. பத்து பிளேடுகளை அடுக்கி அளந்தபோது 1 மில்லிமீற்றர் வந்தது. எனவே ஒன்று 0.1 மில்லிமீற்றர். சிவப்பு லேசர் ஒளியை அதனூடாகச் செலுத்தியபோது, 3.6 மீற்றர் தள்ளியிருந்த (D) சுவரில் வெளிச்சமும் இருளுமாக வரிகள் தெரிந்தன.

காரணம் இதுதான். சுவரின் நடுப்புள்ளிக்கு இரு பிளவுகளிலிருந்தும் ஒளி சம தூரம் வருகிறது. பக்கவாட்டில் நகர்ந்தால் ஒரு பாதை சற்று நீள்கிறது. சுவர் மிகத் தொலைவில் இருப்பதால் இரு கதிர்களும் கிட்டத்தட்ட சமாந்தரம். ஆகவே பாதை வித்தியாசம் d sin θ. அது சரியாக ஓர் அலைநீளம் (λ) ஆகும் இடத்தில் அலைகள் மீண்டும் முகட்டோடு முகடாகச் சேர்ந்து அடுத்த வெளிச்ச வரியைத் தருகின்றன.

சுவரில் அந்த வரியின் தூரம் x = D tan θ. கோணம் இங்கே அரைப் பாகைக்கும் குறைவு. இவ்வளவு சிறிய கோணத்தில் sin θ உம் tan θ உம் ஒன்றே எனக் கொள்ளலாம். எனவே x = λD/d. அதாவது அறை, அலைநீளத்தை D/d மடங்கு, இங்கே 36,000 மடங்கு, பெருப்பித்துச் சுவரில் காட்டுகிறது.

ஒரு இடைவெளியை அளந்தால் பிழை அதிகம். நான்கைச் சேர்த்து அளந்தோம்: 96 மில்லிமீற்றர். ஒன்று 24. அதை 36,000 ஆல் வகுத்தால் 0.000667 மில்லிமீற்றர். லேசரில் எழுதியிருந்தது 650 நானோமீற்றர், அதாவது 0.00065. வித்தியாசம் மூன்று வீதத்துக்கும் குறைவு.

பிழை பெரும்பாலும் d இல்தான். பிளேடுகளுக்கிடையே சிறு வெளி விழுந்தாலும் d கூடி, வரிகள் நெருங்கிவிடும். தெரிவது இரு பிளவுகளின் வரிதானா என்று அறிய ஒரு பிளவை மூடுங்கள். நெருங்கிய வரிகள் மறைந்து அகன்ற ஒளித்திட்டு மட்டும் மிஞ்சும். லேசரை ஒருபோதும் கண்ணுக்கு நேரே பிடிக்கக்கூடாது.

இந்தச் சூத்திரத்துக்கு எல்லையும் உண்டு. சீடியின் தடங்கள் 0.0016 மில்லிமீற்றர் இடைவெளியில் இருப்பதால், அதில் பட்டுத் தெறிக்கும் சிவப்பு ஒளியின் முதல் புள்ளி 24 பாகையில் விழும். ஒரு மீற்றர் தொலைவில் சூத்திரம் 41 சென்ரிமீற்றர் என்கிறது; உண்மையில் 44 க்கும் மேல். இரண்டாவது புள்ளிக்கு 81 என்கிறது. அது 139 இல் விழுகிறது. அங்கே d sin θ = λ என்ற முதற்படிக்கே திரும்ப வேண்டும்.