கடற்கொள்ளையின் பொற்காலமும் அதன் மூன்று அடித்தளங்களும்: பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் குழுவை முன்வைத்து (1719–1722)

அட்லாண்டிக் கடற்கொள்ளையின் பொற்காலம் என வரலாற்றாசிரியர்கள் சுட்டும் காலம் 1716க்கும் 1722க்கும் இடையில் உச்சமடைந்தது. செறிவான வணிகப் பாதைகள், காவல் குறைந்த கடல், மாலுமிகள் தாமே வகுத்த விதிகள் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தமையே இதற்குக் காரணம். பார்த்தலோமியூ ராபர்ட்ஸின் குழுவில் இம்மூன்றையும் தெளிவாகக் காணலாம்.

1713ஆம் ஆண்டின் யூட்ரெக்ட் உடன்படிக்கைக்குப் பின் இங்கிலாந்து தன் கடற்படையைச் சுருக்கியது. சுமார் 50,000ஆக இருந்த வீரர் எண்ணிக்கை இரண்டே ஆண்டுகளில் 14,000க்கும் கீழே இறங்கியது. வேலையிழந்தோர் வணிகக் கப்பல்களை நாடியதால் அங்கும் ஊதியம் சரிந்தது. கடற்படையின் சுருக்கம் காவலைக் குறைத்ததோடு, கொள்ளைக்குழுக்களுக்கு வேண்டிய பயிற்சி பெற்ற ஆட்களையும் உருவாக்கியது எனலாம்.

ராபர்ட்ஸும் 1719இல் பிடிபட்ட ஓர் அடிமைக் கப்பலின் மாலுமியே. தலைவர் ஹோவெல் டேவிஸ் கொல்லப்பட்டதும், சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்த அவரைக் குழுவினர் வாக்களித்துத் தலைவராக்கினர். குழுவின் விதிகளைச் சார்லஸ் ஜான்சன் 1724இல் வெளியிட்ட நூல் தருகிறது. முக்கியச் செயல்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு உண்டு. தலைவருக்கும் குவார்ட்டர் மாஸ்டருக்கும் இரண்டு பங்கு. சாதாரண மாலுமிக்கு ஒரு பங்கு. உறுப்பிழந்தவருக்குப் பொதுநிதியிலிருந்து 800 வெள்ளி நாணயங்கள். குறைந்த கூலியும் கசையடியும் கண்ட வணிகக் கப்பல் மாலுமிக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கியிருக்கும்.

வணிகச் செறிவின் பங்கை 1722 ஜனவரியில் ஊய்தா துறைமுகத்தில் நிகழ்ந்தது விளக்கும். அங்கு நங்கூரமிட்டிருந்த பதினொரு அடிமைக் கப்பல்களை ராபர்ட்ஸ் ஒரே முறையில் கைப்பற்றி, கப்பலுக்கு எட்டு பவுண்டு பொன்தூள் மீட்புத்தொகையாகக் கேட்டார். தர மறுத்த போர்க்குப்பைன் என்னும் கப்பல், உள்ளே சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 80 ஆப்பிரிக்கர்களோடு எரிக்கப்பட்டது. வாக்குரிமை பேசிய விதிகளின் எல்லை எது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. இவ்விதிகள் குழுவின் உள்ளுறவை மட்டுமே நெறிப்படுத்தின.

இம்மூன்று அடித்தளங்களுள் முதலில் தகர்ந்தது காவலின்மையே. ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்பப்பட்டிருந்த ஸ்வாலோ, வேமவுத் ஆகிய இரு போர்க்கப்பல்களின் ஆட்களைக் காய்ச்சல் வாட்டியது. ஆயினும் ஸ்வாலோவின் தலைவர் சலோனர் ஓகில் 1722 பிப்ரவரி 5இல் லோப்பஸ் முனையருகே ராபர்ட்ஸின் கப்பல்களைக் கண்டார். அதனை வணிகக் கப்பலென எண்ணித் துரத்திய ரேஞ்சர் முதலில் பிடிபட்டது. பிப்ரவரி 10இல் மீண்டும் வந்த ஸ்வாலோவின் பீரங்கித் தாக்குதலில் ராபர்ட்ஸ் மாண்டார்.

கேப் கோஸ்ட் கோட்டையில் நடந்த விசாரணைக்குப் பின் 52 பேர் தூக்கிலிடப்பட்டனர். குழுவிலிருந்த கறுப்பினத்தவரோ விசாரணையின்றி அடிமைகளாக விற்கப்பட்டனர். கடலில் ஒழுங்கை மீட்ட அரசு எந்த வணிகத்திற்காக அதனை மீட்டது என்பதற்கு இவ்விற்பனையே சான்றாகும்.